உறை மேலா, உறைக்குள்ளா?

முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தட்டச்சு நிலையத்தில் அடித்து வாங்கிய பயோடேட்டா, சான்றிதழ்களின் ஜெராக்ஸ், அவற்றுக்கு மேலே ஒரு பக்கக் கடிதம். எல்லாவற்றையும் ஊக்கு குத்திப் பழுப்பு உறைக்குள் வைத்து, உறையின் மேல் மூலையில் ‘இன்ன பதவிக்கான விண்ணப்பம்’ என்று எழுதித் தபாலில் சேர்த்தால் வேலை முடிந்தது. கவரிங் லெட்டர் என்று அதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். மற்றத் தாள்களை மூடிக்கொண்டு மேலே இருக்கும் கடிதம் அது. உறையைப் பிரிப்பவர் கையில் முதலில் அதுதான் படும். எதை முதலில் படிப்பது என்பதை அந்த ஊக்கே தீர்மானித்துவிட்டது.

மின்னஞ்சல் வந்தபோது உறையே எழுதத்தக்க தாளாகிவிட்டது. கடிதத்துக்கு இப்போது இரண்டு இடங்கள். மெயிலைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பரப்பு ஒன்று. கிளிப் படத்துக்குப் பக்கத்தில் பெயர் மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோப்பு மற்றொன்று. வேலைக்கு விண்ணப்பிக்க உட்காருபவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். தயக்கத்தில் பலர் மூன்றாவது வழி ஒன்றை எடுக்கிறார்கள்: மெயிலில் ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்று ஒற்றை வரி, மற்றதெல்லாம் இணைப்பில். மூன்றில் மோசமானது இதுதான். ஏன் என்று புரிய, மெயில் எப்படிப் போகிறது, போன பிறகு யார் கைகளில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இணைப்பு என்பது மின்னஞ்சலோடு சேர்ந்து பிறந்ததல்ல. ஆரம்ப கால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. படமோ ஒலியோ அனுப்ப வேண்டுமானால் அதற்கென்று தனித் தந்திரங்கள் தேவைப்பட்டன. நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் ‘மைம்’ என்னும் பொது விதிமுறையை எழுதினார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தான் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பினார். அந்த முறையில் சென்ற முதல் இணைப்பாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இந்த முறையில் கடிதமும் கோப்பும் உண்மையில் வேறு வேறு பொட்டலங்கள் அல்ல. ஒரே நீண்ட எழுத்துச் சரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பகுதிகள். கோப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Content-Disposition: attachment; filename="Cover_Letter.pdf"
```

‘இதன் பெயரை மட்டும் காட்டு, கேட்டால் திறந்து கொடு’ என்று பெறுபவரின் மெயில் செயலிக்குச் சொல்லும் வரி இது. மெயிலில் நேரடியாக எழுதிய பகுதிக்கு இந்தத் தடை இல்லை. அது தானாகவே விரிந்துவிடும். ஒன்றைப் படிக்க விரலை அசைக்க வேண்டியதில்லை, மற்றொன்றைப் படிக்க அசைத்தாக வேண்டும். கவரிங் லெட்டர் எங்கே இருப்பது என்ற விவாதத்தில் பாதி அந்த ஒரு விரலசைவைச் சுற்றித்தான் இருக்கிறது. மீதிப் பாதி, கடிதம் முதல் வாசகரைத் தாண்டி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில் இருக்கிறது.

ஒரு விண்ணப்பத்தைப் பின்தொடர்ந்து போகலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் தேவை என்று விளம்பரம் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு அனுபவம் வேண்டும், ரெஸ்யூமேயை இந்த மெயிலுக்கு அனுப்பவும், அவ்வளவுதான் விளம்பரம். ஈரோட்டில் நான்கு ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கும் ஒரு பெண் விண்ணப்பிக்கிறார். வெளிநாட்டு பையர்களோடு பேசுவது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, துணி, சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் தேதிக்குள் முடிகிறதா என்று துரத்துவது, கடைசியில் கப்பலேறும் நாளைத் தவறவிடாமல் இருப்பது. இதுதான் அவர் அறிந்த வேலை.

அந்த மெயிலைத் திறக்கப்போவது யார்? இந்த அளவு நிறுவனத்தில் எச்.ஆர். என்று தனித் துறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு மேனேஜர், சாம்பிள் அறையிலிருந்து கட்டிங் பகுதிக்குப் போகும் வழியில், கைபேசியில் பார்ப்பார். அவருக்கு முதலில் தெரிவது மெயில் அல்ல, இன்பாக்ஸில் ஒரு வரிசை. அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதற்குக் கீழே மெயிலின் தொடக்கத்திலிருந்து சில சொற்கள். மெயிலில் ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம், ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்று மட்டும் இருந்தால் அந்த வரிசையில் தெரிவதும் அதுதான். அன்று வந்த எல்லா விண்ணப்பங்களும் அதே சொற்களோடு ஒரே முகமாக நிற்கும்.

இணைப்பில் ஒரு பக்கம் அருமையாக எழுதியிருந்தாலும் அவர் அதைத் தொட்டுத் திறக்க வேண்டும். திறந்தால் என்ன தெரியும்? ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். முழுப் பக்கமும் திரைக்குள் அடங்க எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 11 புள்ளி அளவில் அடித்த எழுத்து நான்கு புள்ளிக்கும் கீழே போய்விடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் எழுத்தை விடச் சிறியது. விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். மெயிலில் நேரடியாக எழுதிய கடிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. திரை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப வரிகள் தாமே மடிந்துகொள்ளும்.

இரண்டு கோப்புகள் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒன்று ரெஸ்யூமே, ஒன்று கவரிங் லெட்டர் என்று இருக்கும்போது, அவசரத்தில் இருப்பவர் திறப்பது ரெஸ்யூமேயைத்தான். விளம்பரத்தில் அவர் கேட்டதும் அதைத்தானே. கடிதம் திறக்கப்படாமலே போகும். ஆக, இந்தத் திருப்பூர் விண்ணப்பத்தில் கடிதத்துக்கு உரிய இடம் மெயில்தான். இணைப்பாக ரெஸ்யூமே மட்டும் போதும்.

அதற்காகத் தாளுக்கு எழுதிய கடிதத்தை அப்படியே எடுத்து மெயிலில் ஒட்டக் கூடாது. தாள் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள், தேதி, பொருள், பார்வை என்று மேலே பத்து வரி போய்விடும். மெயிலில் இவற்றில் பெரும்பகுதிக்கு வேறு இடம் உண்டு. தேதி தானாகப் பதிவாகிறது, பொருள் சப்ஜெக்ட் வரியில் இருக்கிறது. மேலே முகவரி அடித்தால் கைபேசியின் முதல் திரை முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். கடிதம் இரண்டாவது திரையில்தான் தொடங்கும். தன் கைபேசி எண்ணையும் ஊரையும் கையெழுத்துக்குக் கீழே போட்டால் போதும். நீளமும் குறைய வேண்டும். தாளில் 350 சொற்கள் வரை இடையூறில்லை. மெயிலில் 150 முதல் 200 சொற்களுக்குள் நிற்பது நல்லது. இரண்டு மூன்று முறை விரலால் தள்ளினால் கையெழுத்து வந்துவிட வேண்டும்.

ஈரோட்டுப் பெண் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் சொன்னால் அந்தக் கடிதம் இப்படி இருக்கும்:

“வணக்கம். குழந்தைகளுக்கான பின்னலாடை ஆர்டர்களை நான்கு ஆண்டுகளாகக் கவனித்துவரும் மெர்ச்சண்டைசர் நான். உங்கள் விளம்பரத்தில் உள்ள பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது ஈரோட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்கள், சாம்பிள் ஒப்புதல் முதல் ஷிப்மென்ட் வரை, என் பொறுப்பில் உள்ளன.

சென்ற ஆண்டு சாயப்பட்டறையில் ஏற்பட்ட தாமதத்தால் ஒரு ஆர்டர் பத்து நாள் பின்தங்கியது. நிறங்களைப் பிரித்து, ஒப்புதல் வந்த நிறத்தை முதலில் தையலுக்கு அனுப்பி, பையரிடம் இரண்டு தவணையாக அனுப்பச் சம்மதம் வாங்கினேன். விமானத்தில் அனுப்பும் செலவு மிச்சமானது.

ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். ஒரு மாத நோட்டீஸில் சேர முடியும். மாலை ஆறு மணிக்கு மேல் கீழே உள்ள எண்ணில் பேசலாம்.”

இன்பாக்ஸ் வரிசையில் இப்போது தெரிவது என்ன? ‘வணக்கம். குழந்தைகளுக்கான பின்னலாடை ஆர்டர்களை நான்கு ஆண்டுகளாக…’ திறப்பதற்கு முன்பே மேனேஜருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ‘இந்த மெயிலின் வாயிலாக நான் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்’ என்று தொடங்கியிருந்தால் அந்த விலைமதிப்புள்ள இடம் வீணாகியிருக்கும்.

அந்தக் கடிதத்தை வேர்டில் எழுதி மெயிலுக்கு நகலெடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேர்டு தன் எழுத்துரு, வண்ணம், இடைவெளி எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே கொண்டுவரும். அனுப்புபவர் திரையில் சீராகத் தெரிவது, பெறுபவர் திரையில் பாதி பெரிய எழுத்தாகவும் பாதி சிறிய எழுத்தாகவும், பத்திகளுக்கு நடுவே பெரும் பள்ளங்களோடும் தெரியலாம். ஜிமெயிலில் ஒட்டும்போது Ctrl+V-க்குப் பதில் Ctrl+Shift+V அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பிறகு அந்த மெயிலை முதலில் தனக்கே ஒரு முறை, முடிந்தால் வேறு நிறுவனத்தின் மெயில் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு முறை அனுப்பிக் கைபேசியில் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இதுவரை கடிதம் முதல் வாசகரோடு நின்றது. அங்கேயே நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் மேனேஜருக்குப் பிடித்துப்போனால் அடுத்து என்ன செய்வார்? மெயிலையே முதலாளிக்கு ஃபார்வர்டு செய்தால் கடிதமும் ரெஸ்யூமேயும் சேர்ந்தே போகும். நல்லது. ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் அதைவிட அதிகம் நடப்பது வேறு. ரெஸ்யூமே கோப்பை மட்டும் கைபேசியில் இறக்கி, வாட்ஸ்அப்பில் ‘சார், இவங்களப் பாருங்க’ என்று அனுப்பிவிடுவார். அல்லது அச்செடுத்து மேசையில் வைப்பார். அந்த நொடியில் மெயிலும் அதில் எழுதிய கடிதமும் பின்தங்கிவிடுகின்றன. சாயப்பட்டறை தாமதத்தைச் சமாளித்த கதை முதலாளியை எட்டவே இல்லை.

இங்கேதான் எதிர்த் தரப்பின் வாதம் வலுப்பெறுகிறது. மெயில் ஒருவரோடு நிற்கும், கோப்பு பலரிடம் போகும். தேர்வுக் குழு, துறைத் தலைவர், நேர்காணல் எடுப்பவர் என்று பலர் படிக்கப்போகும் கடிதமென்றால் அது கோப்பாக இருந்தே ஆக வேண்டும்.

திருப்பூர் விண்ணப்பத்துக்கு அதற்காகத் தனிக் கோப்பு தேவையில்லை. ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே, பெயருக்கும் எண்ணுக்கும் கீழே, கடிதத்தின் சாரத்தை மூன்று வரியில் வைத்துவிட்டால் கோப்பு தனியாகப் போனாலும் ஊமையாகப் போகாது.

பல்கலைக்கழக வேலைகளுக்கு இது பொருந்தாது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ உதவிப் பேராசிரியர் பதவிக்கோ, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது கடிதம் ஒரு தனி ஆவணம். ஒன்று அல்லது இரண்டு பக்கம் இருக்கும், ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் விளக்கும், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதைப் படிப்பார்கள். அகடமிக் ஜாப்ஸ் ஆன்லைன், இன்டர்ஃபோலியோ போன்ற தளங்களில் கடிதத்துக்கென்று தனி இடமே உண்டு. பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். மெயிலில் கேட்டாலும் கோப்பாகவே எதிர்பார்ப்பார்கள்.

ஜெர்மனியில் இன்னும் தெளிவு. அங்கே ‘பெவெர்புங்ஸ்மாப்பே’ என்று ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பக் கோப்புறை என்று சொல்லலாம். முன்பு அழகான அட்டைக்குள் கடிதம், வாழ்க்கைக் குறிப்பு, சான்றிதழ்கள் என்று அதே வரிசையில் அடுக்கித் தபாலில் அனுப்புவார்கள். மெயில் வந்த பிறகும் அந்த அடுக்கைக் கலைக்கவில்லை; எல்லாவற்றையும் அதே வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணைக்கிறார்கள். கடிதம் எப்படி அமைய வேண்டும், முகவரி எங்கே, தேதி எங்கே என்பதற்கு டின் 5008 என்ற தரநிலை இருக்கிறது. மெயிலில் நான்கைந்து வரி மட்டும் எழுதுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே மேற்படிப்புக்குப் போய் வேலை தேடும் பொறியாளர்கள், ஊரில் பழகியபடி கடிதத்தை மெயிலில் எழுதி ரெஸ்யூமேயை மட்டும் இணைத்தால், கோப்பைத் திறப்பவருக்கு முதல் தாள் காணாமல் போனது போலத் தெரியும். பழுப்பு உறைக்குள் ஊக்கு செய்த வேலையை அங்கே ஒற்றைப் பிடிஎஃப் செய்கிறது.

பெரிய நிறுவனங்களில் வேறொரு வாசகரும் உண்டு. வொர்க்டே, கிரீன்ஹவுஸ், ஸோஹோ ரெக்ரூட் போன்ற மென்பொருள்கள் விண்ணப்பங்களைப் பதிவு செய்து அடுக்கிவைக்கின்றன. அவற்றின் படிவத்தில் ரெஸ்யூமேக்கு ஒரு பெட்டி, கவரிங் லெட்டருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியே இருந்தால் கேள்வியே இல்லை, அந்தந்தப் பெட்டியில் போட வேண்டியதுதான். மெயில் வழியாக வரும் ரெஸ்யூமேக்களையும் இத்தகைய மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இணைப்பைப் பிரித்துப் படித்து, பெயர், எண், அனுபவம் என்று விண்ணப்பதாரரின் பதிவை அது உருவாக்கும். மெயிலில் எழுதியது அந்தப் பதிவோடு சேருமா சேராதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். இந்த மாதிரி இடத்தில் கடிதத்தை ரெஸ்யூமேயோடு ஒரே பிடிஎஃப் ஆக்குவதும் ஆபத்தாகலாம். முதல் பக்கத்தில் கடிதம் இருந்தால், பெறுநர் பெயரையும் முகவரியையும் விண்ணப்பதாரருடையதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும். ஜெர்மனிக்குச் சரியான ஒற்றைக் கோப்பு இங்கே தவறாகிவிடும். விளம்பரம் கேட்காதவரை இரண்டையும் ஒட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

கடிதம் கோப்பாகத்தான் போக வேண்டும் என்று முடிவானாலும் மெயில் வெறுமையாக இருக்கக் கூடாது. இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. அது வந்த விதம் நினைவில் வைக்கத் தக்கது. மெயிலில் ஒரே ஒரு வரி: இணைத்துள்ள கடிதத்தைப் பாருங்கள் என்று. இணைப்பின் பெயர் LOVE-LETTER-FOR-YOU.TXT.vbs. கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியில் நிரல் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டில் ‘மெலிசா’ வேர்டு கோப்புக்குள் ஒளிந்து வந்தது. அன்றிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒற்றை வரியோடு ஒரு கோப்பு வந்தால் சந்தேகப்படும்படி அலுவலகங்களில் பழக்கியிருக்கிறார்கள். இணையத்திலிருந்து வரும் அலுவலகக் கோப்புகளில் உள்ள மேக்ரோ எனும் குறுநிரல்களைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை 2022-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்ணப்பங்களைப் பிரிப்பவரின் வேலையே முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கோப்புகளைத் திறப்பதுதான். யார் எழுதுகிறார், எந்தப் பதவிக்கு, கோப்புகளில் என்ன இருக்கிறது, எந்த எண்ணில் பேசலாம் என்று நான்கு வாக்கியங்கள் மெயிலில் இருந்தால் அவருக்குத் தயக்கம் குறையும். முழுக் கடிதத்தையும் மெயிலில் மறுபடி ஒட்ட வேண்டாம். ஒரே கடிதத்தை இரண்டு முறை திறந்தவர், இரண்டில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்.

கோப்பு பிடிஎஃப் ஆக இருப்பது பொதுவாக நல்லது. ஆப்பிள் கணினியில் செய்த பேஜஸ் கோப்பு விண்டோஸில் வேர்டு வைத்திருப்பவருக்குத் திறக்காது. அவுட்லுக்கில் ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவத்தில் மெயில் அனுப்பினால், வேறு மெயில் பயன்படுத்துபவருக்குக் கடிதத்துக்குப் பதில் winmail.dat என்று ஒரு மர்மக் கோப்பு போய்ச் சேருவதும் உண்டு. மெயிலின் வடிவத்தை ‘எச்டிஎம்எல்’ என்று மாற்றினால் அது நிற்கும். கோப்பின் பெயரில் விண்ணப்பதாரரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். coverletter_final_new2.pdf என்ற பெயர், அதைச் செய்தவருக்கு மட்டும்தான் புரியும். இறக்கிவைப்பவரின் கணினியில் அதே பெயரில் ஏற்கெனவே இன்னொருவர் கோப்பு இருக்கலாம்.

தமிழில் எழுதும் விண்ணப்பங்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. தமிழாசிரியர், பத்திரிகை உதவியாசிரியர், பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநர் போன்ற வேலைகளுக்குக் கடிதம் தமிழில்தான் இருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பாமினி, வானவில் என்று பல எழுத்துருக்கள் வந்தன. பக்கம் வடிவமைக்கும் இடங்களிலும், பழைய தட்டச்சுக்காரர்களிடமும் அவை இன்னும் புழங்குகின்றன. பாமினியில் அடித்த எழுத்து உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகள்தான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். அதை மெயிலில் ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். ‘வணக்கம்’ என்று அனுப்பியது இப்படிப் போய்ச் சேரும்:

```
tzf;fk;
```

வேர்டு கோப்பாக இணைத்தாலும், பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் இதே கதிதான். பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதிலும் உள்ளே இருப்பது அதே ஆங்கில எழுத்துகள். ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் மறுபடி குழப்பம், விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருளுக்கும் ஒன்றும் புரியாது. கண்டுபிடிப்பது சுலபம். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். தமிழாகவே வந்தால் யூனிகோடு. அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளுமாக வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒரு முறை மெய்ப்புப் பார்த்து, பிறகு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் பிறகும் நல்ல கடிதங்கள் இந்த ஒரு காரணத்தால் படிக்கப்படாமல் கிடப்பது வருத்தமான விஷயம்.

விளம்பரத்தின் வாசகத்தை வரி வரியாகப் படித்தால் பல நேரம் விடை அங்கேயே இருக்கும். ‘கவரிங் லெட்டரையும் சிவியையும் இணைத்து அனுப்பவும்’ என்றால் இரண்டும் கோப்புகள். ‘ஒரே பிடிஎஃப் ஆக’ என்றால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், கடிதம் முதல் பக்கம். ‘சுருக்கமான குறிப்புடன் சிவி அனுப்பவும்’ என்றால் அந்தக் குறிப்பு மெயிலில். ‘இணைப்புகள் ஏற்கப்படா’ என்று சில இடங்களில் சொல்வார்கள். அங்கே ரெஸ்யூமேயும்கூட வெறும் எழுத்தாக, கடிதத்துக்குக் கீழே மெயிலிலேயே போக வேண்டும், கட்டங்களும் புள்ளிக் குறிகளும் இல்லாமல். விளம்பரம் எதுவும் சொல்லவில்லையென்றால் மெயிலில் எழுதுவதே பெரும்பாலும் சரி. குழு ஒன்று கூடிப் படிக்கும் வேலை என்று தெரிந்தால் மட்டும் கோப்பு. விளம்பரத்தில் தொலைபேசி எண் இருந்தால் கேட்டுவிடலாம். ‘சார், லெட்டரை மெயில்லயே எழுதட்டுமா, தனியா அட்டாச் பண்ணட்டுமா?’ என்ற கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அளவைப் பொறுத்தவரை கடிதம் என்றும் சுமையாக இருந்ததில்லை. சுமை சான்றிதழ் ஸ்கேன்களில் இருக்கிறது. மெயிலில் கோப்பு போகும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றப்படுகிறது. அதனால் 18 எம்.பி. கோப்பு வழியில் 24 எம்.பி. ஆகிவிடும். ஜிமெயிலில் இணைப்புகளுக்கு எல்லை 25 எம்.பி.; மீறினால் அது கோப்பை டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். பார்ப்பதற்கு அனுமதி கொடுக்க மறந்தால், பெறுபவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்கமாட்டார்கள். சான்றிதழ்களைக் கேட்காத வேலைக்கு அவற்றை அனுப்பாமலிருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஈரோட்டுப் பெண்ணின் மெயில் போய்விட்டது. இனி ஒரு வேலைதான் பாக்கி. ‘சென்ட்’ பகுதிக்குப் போய், அனுப்பிய மெயிலைத் திறந்து, இணைப்பை அங்கிருந்தே தொட்டுப் பார்க்க வேண்டும். தன் கணினியில் இருக்கும் கோப்பைப் பார்த்தால் போதாது; போனது எது என்பது அங்கேதான் தெரியும். பழைய ரெஸ்யூமே போயிருந்தாலோ, இணைக்கவே மறந்திருந்தாலோ, ‘சாரி, அட்டாச்மெண்ட்’ என்று கோப்பை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால் ஒரு மெயிலில் கடிதம், இன்னொன்றில் ரெஸ்யூமே என்று இரண்டும் பிரிந்துவிடும். அதே சப்ஜெக்டோடு ‘திருத்தியது’ என்று சேர்த்து, முழுக் கடிதத்தையும் சரியான கோப்பையும் ஒன்றாக மறுபடி அனுப்பி, முந்தையதை விட்டுவிடலாம் என்று முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். ஜிமெயில் அமைப்புகளில் ‘அன்டூ சென்ட்’ நேரம் முதலில் ஐந்து நொடிகளாகத்தான் இருக்கும். அதை முப்பது நொடி வரை நீட்டலாம். இணைப்பை மறந்தது பெரும்பாலும் அந்த முப்பது நொடிக்குள் நினைவுக்கு வந்துவிடும்.